பார்வை 6/6, ஆனாலும் ஆட்கள் மேல் மோதுகிறேன்: பிட்யூட்டரி கட்டியும் பக்கப் பார்வையும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் மருத்துவமனையில் ஃபீல்டு டெஸ்ட் எடுப்பது என் வேலை. இருட்டறையில் ஒரு கிண்ணம் மாதிரியான கருவிக்குள் முகத்தை வைத்து, வெளிச்சப் பொட்டு தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வோமே, அதுதான். அந்த அறையை விட்டு வெளியே வருகிறவர்களும் அவர்கள் வீட்டாரும் வருடக்கணக்காக என்னிடம் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

1. கண்ணாடி மாத்தியும் ஆளுங்க மேல மோதிக்கிட்டேதான் இருக்கேன். கண்ணாடி நம்பர் தப்பா இருக்குமோ?

கண்ணாடி சரிசெய்வது நடுப்பார்வையை. எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை படித்து 6/6 வாங்கினால், நேராகப் பார்க்கும் சின்ன வட்டம் நன்றாக இருக்கிறது என்று மட்டும்தான் அர்த்தம். அந்த வட்டத்துக்கு வெளியே என்ன தெரிகிறது என்பதைப் பலகை கேட்பதே இல்லை.

மோதல் எந்தப் பக்கம் நடக்கிறது என்று கவனியுங்கள். கதவு நிலையில் தோள் இடிப்பது, கூட்டத்தில் பக்கத்தில் வருகிறவர் மேல் படுவது, யாரோ திடீரென்று முளைத்த மாதிரி அருகில் வந்து நிற்பது – இவை இரண்டு பக்கமும் நடந்தால் பக்கப் பார்வையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். இதற்குப் பல காரணங்கள் உண்டு. அதில் ஒன்று பிட்யூட்டரி சுரப்பியில் வளரும் கட்டி.

2. கட்டி மூளைக்கு அடியில இருக்குன்னு சொல்றாங்க. அது எப்படிக் கண்ணைப் பாதிக்கும்? அதுவும் ஏன் ரெண்டு ஓரமும்?

பிட்யூட்டரி ஒரு பட்டாணி அளவுள்ள சுரப்பி. மூக்கின் உள்வழிக்குப் பின்னால், சேணம் மாதிரி குழிந்த ஓர் எலும்புக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதற்குச் சுமார் 1 செ.மீ. மேலே, இரண்டு கண்களின் பார்வை நரம்புகளும் வந்து சந்திக்கின்றன. ஆப்டிக் கயாஸ்மா என்று டாக்டர்கள் எழுதுவது அந்தச் சந்திப்பைத்தான்.

அங்கே எல்லா நரம்பு இழைகளும் குறுக்கே போவதில்லை. ஒவ்வொரு கண்ணிலும் விழித்திரையின் மூக்குப் பக்கப் பாதியிலிருந்து வரும் இழைகள் மட்டும் எதிர்ப்பக்கத்துக்குத் தாண்டுகின்றன. கண்ணுக்குள் உருவம் தலைகீழாகவும் இடம் வலமாகவும் விழுவதால், மூக்குப் பக்க விழித்திரை பார்ப்பது வெளிப்பக்கத்தை, அதாவது காதுப் பக்கத்தை. ஆக, சந்திப்பின் நடுவில் ஓடுவது இரண்டு கண்களின் வெளிப்பக்கப் பார்வை. கீழேயிருந்து வளரும் கட்டி அந்த நடுப்பகுதியை நெருக்கினால் வலது கண்ணில் வலது பக்கமும் இடது கண்ணில் இடது பக்கமும் மங்கும்.

அடியிலிருந்து அழுத்துவதால் சந்திப்பின் கீழ்ப்பகுதி இழைகள்தான் முதலில் அடி வாங்கும். அவை பார்ப்பது மேற்பகுதியை. அதனால் பெரும்பாலும் மேல்–வெளி மூலையில் தொடங்கி, பிறகு கீழே இறங்கும். இந்த மேல் மூலை விஷயத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

3. பாதிப் பார்வை போயிருக்குன்னு சொல்றீங்க. எனக்கு எப்படித் தெரியாமப் போச்சு?

எல்லோரையும் உறுத்துகிற கேள்வி இதுதான். சிலர் தாங்கள் கவனக்குறைவாக இருந்துவிட்டதாகத் தங்களையே நொந்துகொள்கிறார்கள். கவனக்குறைவு இதில் எதுவும் இல்லை.

முதல் காரணம், இரண்டு கண்களும் ஒன்றுக்கொன்று ஈடுகட்டுகின்றன. இடது கண் இழந்தது இடப்பக்கம். ஆனால் வலது கண், மூக்கைத் தாண்டி இடப்பக்கம் சுமார் 60 பாகை வரை பார்க்கும். மறுபக்கமும் இப்படியே. இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது உண்மையில் காணாமல் போவது, அதற்கும் அப்பால் இருக்கும் கடைசி ஓரங்கள்தான். எதிரில் இருப்பவர் முகம், டிவி, கைப்பேசி எல்லாம் முழுதாகத் தெரியும். தோளுக்கு அருகே வருகிறவர் மட்டும் தெரிய மாட்டார்.

இரண்டாவது, இழந்த இடம் கறுப்பாகத் தெரியாது. உங்கள் தலைக்குப் பின்னால் இப்போது என்ன நிறம் தெரிகிறது? ஒன்றும் தெரியவில்லை, இருட்டும் இல்லை. அதே மாதிரிதான். இல்லாத ஒன்று இல்லை என்று மூளை அறிவிப்பதில்லை. அப்புறம், கட்டி மாதக்கணக்கில், சமயத்தில் வருடக்கணக்கில் மெதுவாக வளர்கிறது. அதற்குள் தலையை அடிக்கடி திருப்பிப் பார்க்கும் பழக்கம் தானாகவே வந்துவிடும். கூட இருப்பவர்கள்தான் முதலில் கவனிப்பார்கள்: "பக்கத்துல வந்து நின்னா ஏன் இப்படித் தூக்கிவாரிப் போடுது உனக்கு?"

4. வீட்டுலயே பார்த்துக்க ஏதாவது வழி இருக்கா?

சந்தேகத்தை உறுதிப்படுத்த முடியாது, ஆனால் டாக்டரிடம் போகத் தூண்டும் அளவுக்குப் பார்க்கலாம். முக்கியம், ஒரு கண்ணை முழுதாக மூட வேண்டும். இரண்டையும் திறந்து வைத்துப் பார்த்தால் மூன்றாவது பதிலில் சொன்னபடி ஒரு கண் மற்றதன் இழப்பை மறைத்துவிடும்.

ஒருவர் உங்கள் எதிரே ஒரு மீட்டர் தூரத்தில் உட்காரட்டும். நீங்கள் ஒரு கண்ணை உள்ளங்கையால் மூடி, அவர் மூக்கையே பாருங்கள். அவருடைய இரண்டு காதும் இரண்டு தோளும் ஒரே அளவுக்குத் தெரிகின்றனவா? பிறகு அவர் ஒரே மாதிரியான இரண்டு சிவப்புப் பேனா மூடிகளைத் தன் மூக்குக்கு இரு பக்கமும் ஒரு கை அகலம் தள்ளிப் பிடிக்கட்டும். வெளிப்பக்கத்து மூடி வெளுத்தோ பழுப்பாகவோ தெரிந்தால் அது ஒரு தடயம். வெளிச்சம் தெரிவது குறைவதற்கு முன்பே சிவப்பு நிறம் சாயம் போன மாதிரி ஆவதுண்டு. இதையே மற்றக் கண்ணுக்கும் செய்யுங்கள். எல்லாம் சரியாகத் தெரிந்தாலும் மோதல் தொடர்ந்தால் கருவியில் சோதிப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். சின்ன இழப்பு இதில் தப்பிவிடும்.

5. ஊசியில நூல் கோர்க்க முடியல, படிக்கும்போது வரி இரட்டையா தெரியுது. இதுவும் அதோட சேர்ந்ததா?

சேர்ந்ததாக இருக்கலாம். ஊசி முனையை உற்றுப் பார்க்கும்போது அதற்குப் பின்னால் இருக்கும் இடம் இரண்டு கண்களுக்கும் வெளிப்பக்கத்தில் விழுகிறது. வெளிப்பக்கம் இரண்டிலும் போயிருந்தால், பார்க்கும் பொருளுக்குப் பின்னால் குருட்டு இடம் ஒன்று உண்டாகும். நகம் வெட்டுவது, பாத்திரத்தில் ஊற்றுவது இதெல்லாம் தடுமாறும்.

வரி விஷயம் வேறு. வழக்கமாக இரண்டு கண்களின் காட்சியும் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதால் மூளை அவற்றைப் பூட்டி வைத்திருக்கிறது. வெளிப்பாதிகள் போய்விட்டால், மிஞ்சிய இரண்டு உள்பாதிகளும் நடுவில் தையல் போட்ட மாதிரி ஒட்டி நிற்கின்றனவே தவிர, பொதுவான பரப்பு இல்லை. கண்கள் கொஞ்சம் விலகினாலும் தையல் பிரிந்து, சொல்லின் நடுவில் ஓர் எழுத்து காணாமல் போகும் அல்லது இரண்டு முறை தெரியும். "சில நேரம்தான் அப்படி" என்று நோயாளி சொல்வதால் பலர் இதைக் களைப்பு என்று ஒதுக்கிவிடுகிறார்கள்.

6. பொட்டு வெளிச்ச டெஸ்ட்ல பாதிக்கு மேல நான் பார்க்கவே இல்ல. டெஸ்டைக் கெடுத்துட்டேனா?

இல்லை. கண் நலமாக இருப்பவருக்கும் கணிசமான பொட்டுகள் தெரியாது. ஒவ்வோர் இடத்திலும் வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டே போய், எந்த அளவில் தெரியாமல் போகிறது என்று தேடுவதுதான் கருவியின் வேலை. கெடுவது வேறு வழிகளில். பொட்டைத் தேடிக் கண்ணை அலையவிட்டால், நடுவிலிருந்து சுமார் 15 பாகை தள்ளி எல்லோருக்கும் இருக்கும் இயல்பான குருட்டுப் புள்ளியிலும் "தெரிகிறது" என்று அழுத்துவீர்கள். கருவி அதைக் குறித்துக்கொள்ளும். தெரியாமலேயே அழுத்தினாலும் கண்டுபிடித்துவிடும். அந்தக் கணக்கெல்லாம் தாளின் மேல் மூலையில் இருக்கும். அது மோசமாக இருந்தால் நாங்களே இன்னொரு நாள் திரும்ப எடுப்போம்.

ஒரு வேண்டுகோள். இமை தொங்குகிறவர்கள் அதை முன்கூட்டியே சொல்லுங்கள். தொங்கும் இமை மேல் பக்கத்தை மறைத்து, போலியான இழப்பைக் காட்டும். ஒட்டும் நாடாவால் இமையைத் தூக்கிவிட்டு எடுத்தால் அது மறைந்துவிடும்.

7. எனக்கு முதல்ல கிளாக்கோமான்னு சொல்லி சொட்டு மருந்து போட்டாங்க. ரெண்டுலயும் ஓரம்தானே போகுது, எப்படிப் பிரிச்சுப் பார்க்கறது?

இரண்டு கண்களின் தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தாளையும் தனியாகப் புரட்டினால் தவறிவிடும். என் அனுபவத்தில் பெரும்பாலான தாமதம் இங்கேதான்.

கட்டியால் வரும் இழப்பு, நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு கிழித்த மாதிரி நிற்கும். விழித்திரையின் மூக்குப் பக்கம், காதுப் பக்கம் என்று இழைகள் பிரிவது அந்த நிமிர்ந்த கோட்டில்தான் என்பதால் கறுப்பு அதைத் தாண்டாது. கிளாக்கோமா பாதிப்பது பார்வை நரம்பின் தலைப்பில். அங்கே இழைகள் வில் மாதிரி வளைந்து வருவதால் இழப்பும் வில் வடிவில் இருக்கும், பெரும்பாலும் மூக்குப் பக்கம் தொடங்கும், படுக்கைக் கோட்டில் நிற்கும். நிமிர்ந்த கோடா, படுத்த கோடா என்பதுதான் முதல் கேள்வி. அப்புறம் நரம்பின் தலைப்பு: கிளாக்கோமாவில் அதன் நடுவில் இருக்கும் குழி ஆழமாகும், கட்டியில் குழி பெரிதாகாமலே நரம்பு வெளிறும். கண் அழுத்தம் இயல்பாக இருந்து, நரம்பு வெளிறி, நடுப்பார்வையோ நிறமோ மங்கினால் கிளாக்கோமா என்ற பேரைத் திரும்ப யோசிக்கவேண்டும். இரண்டும் ஒரே ஆளுக்கு இருப்பதும் உண்டு. எனவே சொட்டு மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள்.

8. ஒருத்தருக்கு இது எப்படிப் பிடிபட்டுதுன்னு முதல்ல இருந்து கடைசி வரை சொல்லுங்களேன்.

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். அவருக்கு 54 வயது, கணக்கு எழுதும் வேலை. 14 மாதத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றியிருந்தார். வேறோர் இடத்தில் ஆரம்பக் கண்புரை என்று சொல்லியிருந்தார்கள். "நடக்கும்போது ஆட்கள் இடிக்கிறார்கள்" என்றுதான் அவர் சொன்னார். தான் இடிப்பதாக அவருக்குத் தோன்றவில்லை.

பலகையில் 6/6 படித்தார். ஆனால் படித்த விதத்தை எங்கள் ஆப்டோமெட்ரிஸ்ட் கவனித்தார். இடது கண்ணை மூடி வலது கண்ணால் படித்தபோது ஒவ்வொரு வரியிலும் வலது ஓர எழுத்தை விட்டுவிட்டார், தலையைத் திருப்பியபின் படித்தார். இடது கண்ணில் இடது ஓர எழுத்து போனது. நிறப் புத்தகத்தில் இரண்டு இலக்க எண்களில் வலது கண் இடது இலக்கத்தை மட்டும் சொன்னது. கண் அழுத்தம் 16, இயல்பு. விரல் எண்ணும் சோதனையில் இரண்டு மேல்–வெளி மூலைகளும் காலி. அன்றைக்கே என்னிடம் அனுப்பினார்கள். தாளில் இரண்டு கண்ணிலும் மேல்–வெளிக் கால்பகுதி கறுப்பு, அதற்குக் கீழே சாம்பல், நடுவில் நிமிர்ந்த கோடு. இரண்டாவது பதிலில் சொன்ன அதே வரிசை. விழித்திரை ஸ்கேனான ஓ.சி.டி.யில் இரண்டு கண்ணிலும் நடுப்புள்ளிக்கு மூக்குப் பக்கம் நரம்புச் செல் அடுக்கு மெலிந்திருந்தது. எழுந்து போகிறபோது டாக்டர் இன்னும் சில கேள்விகள் கேட்டார். ஒரு வருடமாகக் களைப்பு, குளிர் தாங்கவில்லை, முகச்சவரம் வாரத்துக்கு ஒரு முறை போதும் என்ற நிலை. கண்ணுக்குச் சம்பந்தமில்லை என்று அவர் யாரிடமும் சொல்லாமல் விட்டது.

எம்.ஆர்.ஐ.யில் 24 மி.மீ. உயரக் கட்டி, மேலே நரம்புச் சந்திப்பைத் தூக்கி வளைத்திருந்தது. ரத்தத்தில், பிட்யூட்டரியின் கட்டுப்பாட்டில் இருக்கும் ஹார்மோன்களான கார்ட்டிசாலும் தைராய்டு ஹார்மோனும் குறைவு, பிட்யூட்டரியே சுரக்கும் புரோலாக்டின் மிதமான உயர்வு. முதலில் கார்ட்டிசால் மாத்திரை, பிறகு தைராய்டு மாத்திரை, பிறகு மூக்கு வழியாக அறுவைச் சிகிச்சை. அடுத்த வாரமே பக்கத்தில் ஆள் வருவது தெரிகிறது என்றார். மூன்று மாதம் கழித்து எடுத்த ஃபீல்டு டெஸ்டில் கீழ்ப்பகுதி முழுக்கத் திரும்பியிருந்தது, வலது கண்ணின் மேல் மூலையில் மட்டும் ஒரு திட்டு நின்றுவிட்டது.

9. தலைவலிக்குன்னு போன வருஷம் சி.டி. எடுத்தேன், ஒண்ணுமில்லைன்னாங்க. திரும்ப எதுக்கு எம்.ஆர்.ஐ.?

சாதாரணத் தலை சி.டி. ரத்தக்கசிவு, பெரிய கட்டி, எலும்பு முறிவு ஆகியவற்றைத் தேட எடுப்பது. பிட்யூட்டரி இருக்கும் இடம் மண்டையோட்டின் அடித்தளத்தில் எலும்புகளுக்கு நடுவே இருப்பதால் அங்கே அது தெளிவாகக் காட்டாது. கட்டிக்கும் பார்வை நரம்புக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை எம்.ஆர்.ஐ.தான் காட்டும்.

எழுதிக்கொடுக்கும் சீட்டில் வெறும் "மூளை எம்.ஆர்.ஐ." என்றில்லாமல் பிட்யூட்டரிக்கான எம்.ஆர்.ஐ., காண்ட்ராஸ்ட் மருந்துடன் என்று இருக்கிறதா பாருங்கள். அதில் சுரப்பியை முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் மெல்லிய சீவல்களாக எடுப்பார்கள். ஃபீல்டு டெஸ்ட் தாளையும் கூடவே கொடுங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்று ஸ்கேன் படிக்கும் டாக்டருக்கு அது வழிகாட்டும். சிறுநீரகக் கோளாறு, பேஸ்மேக்கர், உடலில் உலோகம் இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள்.

10. கட்டி தெரிஞ்சாச்சு. ஆபரேஷன் பண்ணாம எதுக்கு முதல்ல ரத்தப் பரிசோதனை?

ஏனென்றால் ஒரு வகைக் கட்டிக்குப் பெரும்பாலும் அறுவையே வேண்டாம். புரோலாக்டினைச் சுரக்கும் கட்டி, கேபர்கோலின் போன்ற மாத்திரையிலேயே சுருங்கும். பார்வையும் சில நாட்களிலோ வாரங்களிலோ தெளிய ஆரம்பிக்கும். ஆகவே புரோலாக்டின் அளவு தெரியாமல் கத்தியை எடுக்கக் கூடாது.

இதில் ஏமாறக்கூடிய இடங்கள் இரண்டு உண்டு. எட்டாவது பதிலில் வந்தவருக்குப் புரோலாக்டின் கொஞ்சம் ஏறியிருந்தது அல்லவா? எந்தப் பெரிய கட்டியும் சுரப்பியின் காம்பை நெருக்கினால் புரோலாக்டின் மிதமாக ஏறும். அதை வைத்து மாத்திரைக் கட்டி என்று முடிவுகட்டினால் தவறான சிகிச்சை போகும். இதற்கு நேர்மாறாக, மிகப் பெரிய புரோலாக்டின் கட்டியில் ஹார்மோன் அளவுக்கு மீறி இருப்பதால் சோதனை முறையே திணறிப்போய்க் குறைவான எண்ணைக் காட்டும். பெரிய கட்டிக்குச் சிறிய எண் வந்தால் ரத்தத்தை நீர்க்கச் செய்து மறுபடியும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். காலையில் கார்ட்டிசால் பார்ப்பதும் அவசியம். அது குறைவாக இருக்கும்போது தைராய்டு மாத்திரையை முதலில் ஆரம்பித்தால் உடல் நிலைகுலையும், அதனால்தான் எட்டாவது பதிலில் அந்த வரிசை.

11. போன பார்வை திரும்பி வருமா?

பலருக்கு ஓரளவோ நிறையவோ திரும்புகிறது. அழுத்தம் நீங்கியதும் சில மணி நேரத்திலேயே வித்தியாசம் தெரியலாம், பிறகு மாதக்கணக்கில் மெதுவாகக் கூடலாம். இழைகள் அழுத்தத்தால் வேலைநிறுத்தம் செய்திருந்தால் திரும்பும், இறந்திருந்தால் திரும்பாது. எது எவ்வளவு என்பதை ஓ.சி.டி. கணிக்க உதவுகிறது. நரம்பு அடுக்கு இன்னும் தடிப்பாக இருந்தால் நம்பிக்கை அதிகம், மெலிந்துவிட்டால் குறைவு. மெலிந்தவர்களுக்கும் முன்னேற்றம் வந்ததைப் பார்த்திருக்கிறேன், ஆனால் அதை யாருக்கும் வாக்காகக் கொடுக்க மாட்டேன்.

12. வண்டி ஓட்டலாமா?

டாக்டர் சரி என்று சொல்லும்வரை வேண்டாம். 6/6 இருந்தாலும் பக்கத்திலிருந்து வருகிற வண்டியோ ஆளோ தெரியாது. பல நாடுகளில் ஓட்டுநர் உரிமத்துக்கு இரண்டு கண்ணும் சேர்ந்த பக்கப் பார்வை அகலத்துக்குத் தனி விதி இருக்கிறது. அதற்கென்றே இரண்டு கண்ணையும் திறந்து வைத்து எடுக்கும் ஃபீல்டு டெஸ்ட் உண்டு.

13. எந்த நேரத்துல அவசரமா ஓடணும்?

திடீரென்று கடுமையான தலைவலி, வாந்தி, கூடவே பார்வை சரிவது, இரண்டாகத் தெரிவது, இமை விழுவது அல்லது மயக்கம் வந்தால் அந்த மணி நேரத்திலேயே அவசரச் சிகிச்சைக்குப் போகவேண்டும். கட்டிக்குள் ரத்தம் கசிந்தோ ரத்த ஓட்டம் நின்றோ வீங்கியிருக்கலாம். கார்ட்டிசால் சுத்தமாக நின்று உயிருக்கே ஆபத்தாகும். "எனக்குப் பிட்யூட்டரி கட்டி இருக்கிறது" என்ற ஒரு வரியை முதலில் சொல்லுங்கள். கட்டி இருப்பது தெரியாதவர்களுக்கும் இப்படித்தான் முதல்முறையாக வெளிப்படுவதுண்டு.

14. ஸ்கேன்ல கட்டி 5 மி.மீ.தான். ஆனா ஃபீல்டு டெஸ்ட்ல பார்வை குறைஞ்சிருக்கு. அப்ப இந்தக் கட்டிதானே காரணம்?

அநேகமாக இல்லை. 10 மி.மீ.க்குக் குறைந்த கட்டி சுரப்பியின் குழிக்குள்ளேயே அடங்கியிருக்கும். நரம்புச் சந்திப்பு அதற்கு 1 செ.மீ. மேலே இருக்கிறது என்று இரண்டாவது பதிலில் சொன்னேனே, அங்கே எட்டாது. இத்தகைய சின்னக் கட்டிகள் எந்தத் தொல்லையும் தராமல் பலருக்கு இருக்கின்றன, வேறு காரணத்துக்கு எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரியும். அதன் மேல் பழியைப் போட்டுவிட்டால் உண்மையான காரணம் தப்பிவிடும்.

ஸ்கேன் அறிக்கையில் "கட்டி நரம்பைத் தொடுகிறதா" என்ற வரியைத் தேடுங்கள். தொடவில்லை என்றால் ஃபீல்டு டெஸ்டைத் திரும்ப எடுங்கள், இமையைத் தூக்கி, நல்ல ஓய்வுக்குப் பிறகு. இழப்பு நிமிர்ந்த கோட்டில் நிற்கிறதா, தாண்டுகிறதா என்று பாருங்கள். கோட்டைத் தாண்டினால், பிறவியிலேயே நரம்புத் தலைப்பு சாய்ந்து அமைந்திருக்கலாம், விழித்திரைக் கோளாறாக இருக்கலாம், கிளாக்கோமாவாகவும் இருக்கலாம். கண் டாக்டரும் ஹார்மோன் டாக்டரும் ஒரே தாளையும் ஒரே ஸ்கேனையும் சேர்ந்து பார்த்துத் தீர்மானிக்க வேண்டியது இது. அதனால் பழைய தாள்களை எதையும் தூக்கிப்போடாமல் தேதி வரிசையில் வைத்திருங்கள்.